தமிழ்ச்செல்வியின் நான்கு அட்டைகள்: வங்கிக் கிளைகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு வங்கிக் கிளைகளில் புதுக் கணக்குத் திறக்கும் மேசையில் இருக்கும் அலுவலர்களுக்கும், அந்த விண்ணப்பத்தில் கடைசிக் கையெழுத்துப் போடும் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களில் இருப்பவர்களுக்கு வங்கி விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதும், சான்றுகளைச் சரிபார்த்து அடுக்கித் தருவதும் என் வேலை. உங்கள் மேசைக்கு வரும் தாள்களில் ஒரு பங்கு என் கையைத் தாண்டித்தான் வருகிறது. அவற்றில் திரும்பி வருபவையும் என்னிடமேதான் வருகின்றன. ஏன் திரும்பியது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "பேர் மேட்ச் ஆகலைன்னு சொல்லிட்டாங்க." எந்த அட்டையில் உள்ள பெயர் எந்த அட்டையோடு ஒத்துப்போகவில்லை, எதைக் கொண்டுவந்தால் சரியாகும் என்பது அந்தப் பதிலில் இருக்காது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த பெண், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் வீடு திரும்புகிறார். அதனால்தான் இந்த மடல்.

முதலில், நீங்கள் கேட்க வேண்டியது எவ்வளவு என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது என்று நினைக்கிறேன். ரிசர்வ் வங்கியின் கேஒய்சி விதிகள் தனிநபருக்கு அடையாளமும் முகவரியும் காட்டும் ஆவணங்களாக ஆறைத்தான் சொல்கின்றன. பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அடையாள அட்டை, நூறு நாள் வேலைத் திட்ட அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். இவற்றில் ஏதாவது ஒன்று, அதோடு பான் எண், ஒரு புகைப்படம். பான் இல்லாதவர் அதற்குரிய உறுதிமொழிப் படிவத்தைத் தரலாம். இத்தனை காலமும் படிவம் 60 என்று நாம் அழைத்து வந்தது அதைத்தான். ரேஷன் அட்டை இந்தப் பட்டியலில் இல்லை. பள்ளிச் சான்றும் இல்லை. வாடகை ஒப்பந்தமும் இல்லை. ஆனால் இவற்றை எல்லாம் சேர்த்துக் கேட்கும் கிளைகள் இருக்கின்றன. கேட்கும் தாள் கூடக்கூட, பெயர் வேறுபடும் வாய்ப்பும் கூடுகிறது. இரண்டு ஆவணம் போதும் என்ற இடத்தில் ஐந்தை வாங்கி, ஐந்திலும் பெயர் ஒரே மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பினால் அதில் அந்தப் பெண்ணின் பிழை எதுவும் இல்லை.

இனி ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ச்செல்வி என்று ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அப்பா பெயர் முருகேசன், கணவர் பெயர் குமார். என் மேசைக்கு வரும் பல பேருடைய நிலைமையைச் சேர்த்து ஒருவர் மேல் ஏற்றியிருக்கிறேன். அவர் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வைக்கும் நான்கு தாள்களில் பெயர் இப்படி இருக்கும்:

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் TAMILSELVI M
பான் அட்டையில் TAMILSELVI MURUGESAN
ஆதாரில் Thamizhselvi K
வாக்காளர் அட்டையில் Thamilselvi

நான்கும் அரசு கொடுத்தவை. நான்கிலும் அவர் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தவர் வேறு யாரோ. உங்கள் மேசையில் இவை அருகருகே வைக்கப்படுகின்றன. அலுவலர் ஆதாரையும் பானையும் எடுத்து, விரலை எழுத்தின் மேல் வைத்து நகர்த்துகிறார். முதல் எழுத்துக்கு அடுத்து ஒன்றில் A, இன்னொன்றில் H. கடைசியில் ஒன்றில் K, இன்னொன்றில் முழுதாக ஒரு பெயர். விரல் நின்றுவிடுகிறது. "கெஜட் போட்டுட்டு வாங்கம்மா" என்கிறார்.

அந்த விரல் நின்ற இடத்தைப் பற்றித்தான் நான் பேச வேண்டும். மேலே பார்க்க ஒரே சிக்கல் போலத் தெரிந்தாலும் அங்கே இருப்பது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். மூன்றுக்கும் தீர்வு வேறு.

முதலாவது, எழுத்து வேறுபாடு. தமிழில் ஒரே மாதிரி எழுதுகிற பெயரை ஆங்கிலத்தில் பல விதமாக எழுதலாம். ழகரத்துக்கு ஒருவர் zh போடுவார், ஒருவர் l போடுவார். தகரத்துக்கு ஒருவர் t, ஒருவர் th. சண்முகம், எழிலரசி, குழலி, வள்ளி, இப்படி எந்தப் பெயரை எடுத்தாலும் இதே கதைதான். இதைத் தீர்க்க வெளியே எங்கும் போக வேண்டியதில்லை. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் ஆங்கிலப் பெயரோடு தமிழிலும் பெயர் அச்சிட்டிருக்கிறது. அந்த வரியைப் படியுங்கள். இரண்டிலும் தமிழ்ச்செல்வி என்று இருந்தால் Thamizhselvi என்பவரும் Thamilselvi என்பவரும் ஒரே பெயருடையவர்தான். இவ்வளவு எளிதான ஒரு சோதனையை மேசையில் யாரும் செய்து நான் பார்ப்பது அபூர்வம். கணினித் திரையில் ஆங்கிலம் மட்டும் இருப்பதால் அட்டையிலும் ஆங்கில வரியை மட்டும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. (சில ஆதார்களில் தமிழ் வரியிலேயே எழுத்துப் பிழை இருக்கும். தமிழ்செல்வி என்று ஒற்று விட்டுப் போயிருப்பதெல்லாம் ஒரு வேறுபாடாகவே கணக்கில் வராது.)

இரண்டாவது, இனிஷியல் விரிவு. நம் ஊர் வழக்கத்தில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பான் விண்ணப்பமோ கடைசிப் பெயர் என்று ஒரு கட்டத்தை வைத்து, அதில் வெறும் இனிஷியல் போடக் கூடாது என்கிறது. அதனால் M என்பது MURUGESAN ஆகிறது. இங்கேயும் பதில் அந்த அட்டையிலேயே இருக்கிறது. பான் அட்டையில் பெயருக்குக் கீழே அப்பா பெயர் தனியாக அச்சிட்டிருக்கும். பெயரின் பின்பாதியும் அந்த வரியும் ஒன்றாக இருந்தால், அது விரித்தெழுதிய இனிஷியல் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். வரிசை மாறி MURUGESAN TAMILSELVI என்று வந்திருந்தாலும் இதே முறையில் கண்டுபிடிக்கலாம். இதற்குப் பெயர் மாற்றம் என்று பெயர் வைப்பது சரியில்லை.

மூன்றாவது, இனிஷியலே மாறியிருப்பது. கல்யாணத்துக்குப் பிறகு ஆதார் எடுக்கும்போதோ திருத்தும்போதோ M போய் K வந்திருக்கும். பெண்களுக்கு மட்டும் வருகிற சிக்கல் இது. கணவர் இனிஷியலைப் போட்டாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பதிவு செய்தவர் கேட்காமலே போட்டதாகத்தான் பலரும் சொல்கிறார்கள். இதை மட்டும் பெயர் மாற்றத்துக்குப் பக்கத்தில் வருகிற ஒன்றாக நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதற்கும் துப்பு கையிலேயே உண்டு. ஆதாரின் முகவரி தொடங்கும் இடத்தில் பல பெண்களுக்குக் கணவர் பெயர் இருக்கும். வாக்காளர் அட்டையிலும் கணவர் பெயர் என்று ஒரு வரி இருக்கும். இரண்டிலும் குமார் என்று இருந்தால் K எங்கிருந்து வந்தது என்பது விளங்கிவிடும்.

இதற்கு மேலும் தாள் வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், விதி அதற்கும் வழி சொல்கிறது. ஆவணம் கொடுக்கப்பட்ட பிறகு பெயர் மாறியிருந்தாலும், மாநில அரசு வழங்கிய திருமணச் சான்றிதழோ அரசிதழ் அறிவிப்போ இருந்தால் அந்த ஆவணம் செல்லும் என்பதுதான் ரிசர்வ் வங்கி விதி. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். திருமணச் சான்றைக் காட்டிய பெண்ணிடம் அரசிதழும் வேண்டும் என்று கேட்க அந்த விதியில் இடம் இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரத்தாளில் நோட்டரி கையெழுத்தோடு வாங்கும் உறுதிமொழியை அந்த விதி குறிப்பிடவே இல்லை. அது கிளைகளின் சொந்தப் பழக்கம். எழுத்து வேறுபாட்டுக்கு எழுத்தில் ஒரு விளக்கம் உங்கள் கோப்பில் இருக்க வேண்டும் என்றால், வாடிக்கையாளர் வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட வாக்குமூலத்தை வாங்கிக்கொள்ளுங்கள். பத்திரத்தாளும் நோட்டரியும் செலவைக் கூட்டுகின்றன. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்பதைச் சொல்வதும் கடைசியில் அந்தப் பெண்ணேதான்.

சரி, "நாங்கள் நம்பினாலும் சிஸ்டம் ஏற்கவில்லையே" என்று நீங்கள் கேட்பது எனக்குத் தெரியும். அது நியாயமான கேள்வி. பானைச் சரிபார்க்கும்போது எண், பெயர், பிறந்த தேதி மூன்றையும் அனுப்பி, பொருந்துகிறதா இல்லையா என்று பதில் வாங்குகிறீர்கள். அங்கே ஆதாரில் இருக்கும் Thamizhselvi K என்பதை இட்டால் பொருந்தவில்லை என்றுதான் வரும். அந்தச் சோதனை பானில் இருக்கும் பெயரைத்தான் எதிர்பார்க்கிறது. பான் சோதனைக்குப் பானில் உள்ளபடி பெயரை இட்டுப் பாருங்கள். மூன்றும் பொருந்துகிறது என்று வந்தால் அந்தப் பான் உண்மையானது என்பது முடிந்தது. அடுத்து நிற்கும் கேள்வி, இந்தப் பானும் இந்த ஆதாரும் ஒரே ஆளுடையவையா என்பது மட்டுந்தான்.

அந்தக் கேள்விக்கு வருமான வரித்துறை ஏற்கெனவே பதில் வைத்திருக்கிறது. இந்த மடலில் நீங்கள் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பானையும் ஆதாரையும் இணைக்கும்போது பிறந்த தேதியும் பாலினமும் அப்படியே பொருந்த வேண்டும். பெயரில் சிறு வேறுபாடு இருந்தால் ஆதாரில் பதிந்த கைபேசிக்கு ஓடிபி அனுப்பி உறுதி செய்துகொள்வார்கள். பெயர் முழுக்க வேறாக இருந்தால் இணைப்பு நடக்காது. ஏதாவது ஒன்றைத் திருத்திவிட்டுத்தான் வர வேண்டும். ஆக, ஒருவருடைய பானும் ஆதாரும் இணைந்திருக்கிறது என்றால், இந்த இரண்டு எண்ணும் ஒருவருடையவை என்று அந்தத் துறையே ஒரு முறை பார்த்து ஏற்றுக்கொண்டிருக்கிறது. வருமான வரி இணையதளத்தில் Link Aadhaar Status என்ற இடத்தில் இரண்டு எண்களையும் இட்டால், உள்நுழையாமலே பதில் வந்துவிடும். இணைக்காத பான்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றதாக ஆக்கப்பட்டதால் பான் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர் இணைத்து முடித்துவிட்டார்கள். தமிழ்ச்செல்வியும் அதில் ஒருவர். அந்தத் திரையை அச்செடுத்து விண்ணப்பத்தோடு வைத்தால் உங்கள் தணிக்கையாளருக்கும் காட்ட ஒரு தாள் இருக்கும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதைவிட இது பலமான சாட்சி என்பது என் கருத்து.

நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துங்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பிறந்த தேதி வேறாக இருந்தால், அப்பா பெயர் வேறாக இருந்தால், அட்டையில் உள்ள படம் எதிரில் நிற்பவருடையது போல இல்லை என்றால், பெயர் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்கூட விண்ணப்பத்தை ஏற்க வேண்டாம். அடுத்தவர் ஆவணத்தில் கணக்குத் திறந்து மோசடிப் பணத்தை அதில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர் கொண்டுவரும் தாள்களில் எழுத்து பிசகாது. பெயர் மட்டும் பொருந்தினால் போதும் என்று பார்க்கும் மேசைதான் அவருக்கு வசதி. பெயரோடு தேதி, உறவு, படம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும் மேசையில் தமிழ்ச்செல்விக்குக் கணக்குக் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது.

இப்போது, பெயரை நிரந்தரமாகச் சரி செய்யச் சொல்லி அனுப்பும்போது என்ன நடக்கிறது என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். "ஆதாரை மாத்திட்டு வாங்க" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். உங்கள் கிளை கேட்டதற்காக ஒரு முறை, வருங்கால வைப்பு நிதிக்காக ஒரு முறை என்று மாற்றிவிட்டால் அப்புறம் அவரிடம் வாய்ப்பே இல்லை. ஆகவே எதை மாற்றுவது என்று முடிவு செய்யும் முன், எந்த எழுத்து அதிகமான இடத்தில் இருக்கிறது, எதை மாற்றுவது மிகக் கடினம் என்று பார்க்க வேண்டும். தமிழ்ச்செல்விக்குப் பள்ளிச் சான்றிலும் பானிலும் TAMILSELVI என்றே இருக்கிறது. பள்ளிச் சான்றை மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் சிரமம். ஆக அந்த எழுத்தையே வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு ஏற்றபடி மாற்றுவதுதான் வழி.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஆதாரில் இருப்பதுபோலப் பானை மாற்றிக்கொள்ளலாம் என்று போனால், ஆதாரில் இருப்பது வெறும் K. பான் பக்கம் கடைசிப் பெயரை விரித்துக் கேட்கும். விரித்த பெயருக்குச் சான்று கேட்கும். விரித்த பெயர் ஆதாரில் இருக்காது. இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. முடிச்சை அவிழ்க்கும் நுனி மறுபக்கம் இருக்கிறது. பானை அப்படியே விட்டுவிட்டு, அந்தப் பான் அட்டையையே அடையாளச் சான்றாக எடுத்துக்கொண்டு ஆதார் சேவை மையத்துக்குப் போய் ஆதாரை Tamilselvi Murugesan என்று திருத்தக் கேட்பதுதான் அது. ஒரு வாய்ப்பு செலவாகும், இன்னொன்று கையில் மிஞ்சும். இது புதுப் பெயர் சூட்டும் விண்ணப்பம் அல்ல, இருக்கும் பெயரின் எழுத்தையும் இனிஷியலையும் சரிசெய்வது என்பதை மையத்தில் தெளிவாகச் சொல்ல வேண்டும். முழுப் பெயரே மாறுகிறது என்று அவர்கள் கொண்டால் அரசிதழ் கேட்பார்கள். திருத்தம் ஏற்கப்பட்ட பிறகு வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8 கொடுத்தால் போதும். அதற்கு அவசரமும் இல்லை. தமிழ் வரியைத் திரையிலேயே படித்துப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்று நான் ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறேன். ஆங்கில வரி சரியாகி, தமிழ் வரி புதிதாகக் கெட்டுப்போய் வருவதும் நடக்கிறது.

திருமணச் சான்று வாங்குபவர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணத்தைப் பதிவது கட்டாயம். ஆனால் பதிவு அலுவலகத்தில் நான்காவதாக ஒரு எழுத்தில் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டால் பாலமாக இருக்க வேண்டிய சான்றே இன்னொரு வேறுபாடாகிவிடும்.

மேசையில் சொல்லப்படும் இரண்டு குறுக்குவழிகள் எனக்கு மிகவும் கவலை தருகின்றன. ஒன்று, பானில் பெயர் பொருந்தவில்லை என்றதும், "பான் இல்லைன்னு ஃபார்ம் 60 கொடுத்திருங்க" என்பது. அந்தப் படிவம் தன்னிடம் பான் இல்லை என்று ஒருவர் கையெழுத்திட்டுத் தரும் உறுதிமொழி. பான் வைத்திருக்கும் பெண் அதில் கையெழுத்துப் போட்டால் அது பொய்யான உறுதிமொழி. சொன்னவர் பெயர் அதில் இருக்காது, கையெழுத்துப் போட்டவர் பெயர்தான் இருக்கும். இன்னொன்று, "ஆதாரை வெச்சுப் புதுசா ஒரு பான் எடுத்துட்டு வாங்க" என்பது. ஒருவர் இரண்டு பான் வைத்திருந்தால் பத்தாயிரம் ரூபாய் அபராதம் விதிக்கலாம் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. எழுத்தைச் சரிசெய்யத் திருத்த விண்ணப்பம் என்று ஒன்று இருக்கிறது. எண் அதேதான் இருக்கும். உதவி செய்யும் எண்ணத்தில்தான் இவற்றைச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து சொல்லாதீர்கள்.

முகவரியைப் பற்றிக் கொஞ்சம். கல்யாணமாகி வந்த பெண்ணின் ஆதாரில் பிறந்த வீட்டு முகவரியே இருப்பது சாதாரணம். ஆதார் எண்ணைக் கொடுத்து இகேஒய்சி செய்கிறவர், இப்போது வசிக்கும் இடம் வேறு என்று தானே எழுதிக் கொடுத்தால் ஏற்கலாம் என்று விதி இருக்கிறது. மற்ற அட்டையைக் காட்டுபவருக்கு வேறு ஏற்பாடு. மின் கட்டணம், தொலைபேசி, எரிவாயுக் குழாய், குடிநீர் ஆகியவற்றின் பில், சொத்து வரி ரசீது போன்ற ஒன்றை முகவரிக்குக் காட்டி, மூன்று மாதத்துக்குள் புது முகவரியுள்ள அட்டையைக் கொண்டுவந்து தர வேண்டும். பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கீடே இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான். அடுத்த கணக்கீடு நெருங்கும் நாட்களில் கையில் இருக்கும் பில்லுக்குக் காலம் முடியப்போகிறது. இன்னும் பத்து நாள் கழித்துப் புதுப் பில்லோடு வாருங்கள் என்று முதல் தடவையே சொல்லிவிட்டால் ஒரு நடை மிச்சம். வாடகை வீட்டில் இருப்பவருக்கு மின் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். அவருக்குப் பில் உதவாது, ஆதார் வழிதான் சரி.

கையில் அந்த ஆறில் ஒன்றுகூட இல்லாதவருக்கும் வாசல் மூடவில்லை. உங்கள் அலுவலர் முன்னிலையில் புகைப்படமும் கையெழுத்து அல்லது கைரேகையும் தந்தால் சிறு கணக்கு திறக்கலாம். அதில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு கூடாது, மாதம் 10,000 ரூபாய்க்கு மேல் எடுக்கவோ அனுப்பவோ முடியாது. 12 மாதம் ஓடும்; அதற்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம். இப்படி ஒரு கணக்கு உண்டு என்று மேசையில் யாரும் தானாக எடுத்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம், உங்கள் பக்கத்துத் தட்டச்சு. விண்ணப்பத்தில் சரியாக எழுதிக் கொடுத்த பெயர் பாஸ்புக்கில் ஒரு எழுத்து மாறி வருவதும் நடக்கிறது. இது பாஸ்புக்கோடு நின்றுவிடுவதில்லை. கணக்குத் திறந்த 10 நாளுக்குள் அந்த விவரம் மத்திய கேஒய்சி பதிவேட்டுக்குப் போய்விடுகிறது. 14 இலக்க எண் ஒன்று உருவாகிறது. நாளை அவர் வேறு வங்கிக்கோ காப்பீட்டுக்கோ போகும்போது அங்கே எடுப்பது அந்தப் பதிவைத்தான். உங்கள் கிளையில் விழுந்த ஒரு தவறான எழுத்து, அவருடைய ஐந்தாவது பெயராக ஊர் சுற்ற ஆரம்பிக்கும். பதிவை மேலே அனுப்பும் முன் திரையை வாடிக்கையாளர் பக்கம் திருப்பி, பெயரை ஒரு முறை படித்துக் காட்டிவிடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தால் கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனி நான் கேட்பது. புதிதாக விதி எதையும் கேட்கவில்லை. 2025 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கேஒய்சி விதியில் ஒரு வரி சேர்த்தது: எந்த விண்ணப்பத்தையும் யோசிக்காமல் நிராகரிக்கக் கூடாது, நிராகரித்தால் அதற்குரிய அலுவலர் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பதிவு உங்கள் கோப்பில் மட்டும் இருந்தால் தமிழ்ச்செல்விக்குப் பயன் இல்லை. அதையே ஒரு சிறு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. தமிழில், நான்கு வரி போதும். எப்படி இருக்கலாம் என்று எழுதிக் காட்டுகிறேன்:

"ஆதாரில் Thamizhselvi K, பானில் TAMILSELVI MURUGESAN என்று உள்ளது. தமிழ்ப் பெயர், பிறந்த தேதி, படம் சரியாக உள்ளன. இனிஷியல் மாறியதற்கு மட்டும் சான்று தேவை: திருமணச் சான்றிதழ், அல்லது பானும் ஆதாரும் இணைந்திருப்பதைக் காட்டும் பக்கம். இரண்டில் ஒன்று போதும்."

கீழே தேதி, அலுவலர் கையெழுத்து, கிளை முத்திரை. இந்தத் தாள் கையில் இருந்தால் அவர் என்னிடம் வந்தாலும் சரி, இ-சேவை மையத்துக்குப் போனாலும் சரி, பார்ப்பவர் அடுத்த வேலையை உடனே தொடங்கலாம். அடுத்த முறை அவர் வரும்போது மேசையில் வேறு அலுவலர் இருந்தாலும் முதலிலிருந்து கேள்வி தொடங்காது. இதை எழுத ஐந்து நிமிடம் ஆகும் என்று நீங்கள் சொல்லலாம். மூன்று சிக்கலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்காமல் இந்தத் தாளை எழுத முடியாது. பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பும் தேவையே வராது என்பது என் நம்பிக்கை.

இந்தத் தாளுக்கு ஒரு மாதிரிப் படிவத்தைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். கட்டங்களை நிரப்பினால் போதும். எந்தக் கிளை கேட்டாலும் கொண்டுவந்து தருகிறேன். உங்கள் நடைமுறைக்கு ஒத்துவராத இடத்தைச் சொன்னால் திருத்தியும் தருகிறேன்.

அன்புடன்,
குழுப் பெண்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருபவர்